எண்களை இரண்டாகப் பிரிக்க எந்த அட்டவணை?

கையில் சில முழு எண்கள் இருக்கின்றன. அவற்றை இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும், இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். இதற்கு உட்கணக் கூட்டுத்தொகை அட்டவணை போட வேண்டும் என்பது நிரல் எழுதும் பலருக்கும் தெரியும். ஆனால் அந்த அட்டவணையை மூன்று விதமாகப் போடலாம். மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். எவ்வளவு நினைவகம் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், முக்கியமாகக் குழுக்களை மீட்டெடுக்க முடியுமா என்பதில்தான் அவை பிரிகின்றன. எதை எப்போது எடுப்பது என்பதே இங்கே பேச்சு.

ஒரு சின்ன உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: 11, 9, 7, 6, 5. மொத்தம் 38, பாதி 19.

அட்டவணை எதற்கு, பெரிய எண்ணிலிருந்து தொடங்கி, எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறதோ அங்கே போட்டுக்கொண்டே போனால் போதாதா என்று முதலில் தோன்றும். போட்டுப் பார்ப்போம். 11 ஒரு பக்கம், 9 மறுபக்கம். 7 வந்ததும் அது 9-இன் பக்கம் போகிறது, அங்கே 16 ஆகிறது. 6 வந்ததும் 11-இன் பக்கம், அங்கே 17. கடைசியாக 5 குறைவான 16-இன் பக்கம் போய் 21 ஆகிறது. 21-க்கும் 17-க்கும் வித்தியாசம் 4. ஆனால் 11, 7 ஒரு பக்கமும் 9, 6, 5 மறுபக்கமும் இருந்தால் 18, 20. வித்தியாசம் 2 தான்.

இந்தப் பேராசை முறை அவ்வளவு மோசமில்லை. இரண்டு குழுக்களில் பெரியதன் கூட்டுத்தொகை, சிறந்த விடையில் வருவதைப் போல 7/6 மடங்கைத் தாண்டாது என்று கிரஹாம் 1969-இல் நிறுவினார். ஆனால் அந்த உறுதி பெரிய குழுவின் அளவுக்கு மட்டும்தான், வித்தியாசத்துக்கு அல்ல. 3, 3, 2, 2, 2 என்று கொடுத்தால் பேராசை முறை 7, 5 என்று பிரிக்கும், உண்மையில் 6, 6 என்று சமமாகவே பிரிக்கலாம். கர்மார்கரும் கார்ப்பும் 1982-இல் தந்த வித்தியாச முறை பொதுவாக இதைவிட நல்லது. மிகப் பெரிய இரண்டு எண்களை எடுத்து அவற்றின் வித்தியாசத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நம் உதாரணத்தில் அது சரியாக 2 தருகிறது. ஆனால் 3, 3, 2, 2, 2-இல் அதுவும் 2 என்றே தவறாகச் சொல்கிறது. ஏறக்குறைய சமமாக இருந்தாலே போதும் என்றால் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். துல்லியமான விடைதான் வேண்டுமென்றால் அட்டவணைக்கு வர வேண்டும்.

அட்டவணையின் அடிப்படை ஒன்றே ஒன்று. ஒரு குழுவின் கூட்டுத்தொகை s என்றால் மற்றது 38 - s, வித்தியாசம் 38 - 2s. சிறிய குழுவை s என்று வைத்துக்கொண்டால் அது 19-ஐத் தாண்டாது. ஆகவே 19-க்கு மிகாமல் எந்தெந்தக் கூட்டுத்தொகைகளை எட்ட முடியும் என்று கண்டுபிடித்து, அவற்றில் பெரியதை எடுத்தால் போதும். 19-க்கு மேல் அட்டவணையே தேவையில்லை. பலரும் மொத்தம் முழுவதற்கும் போட்டு இரண்டு மடங்கு வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்துப் பார்ப்போம். எதையும் எடுக்காதபோது எட்டக்கூடியது 0 மட்டும். 11 வந்ததும் 0, 11. 9 வந்ததும் 0, 9, 11 (20 எல்லையைத் தாண்டுகிறது, விட்டுவிடலாம்). 7 வந்ததும் 7, 16, 18 சேர்கின்றன. 6 வந்ததும் 6, 13, 15, 17 சேர்கின்றன. 5 வந்ததும் 5, 12, 14 சேர்கின்றன. 19 வரவே இல்லை. பெரியது 18, வித்தியாசம் 38 - 36 = 2. மொத்தம் இரட்டைப்படை என்பதால் மட்டும் சரிபாதி கிடைத்துவிடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

இந்தப் பட்டியல்களை எப்படிச் சேமிக்கிறோம் என்பதில்தான் மூன்று வழிகளும் வேறாகின்றன.

முதல் வழி, பாடங்களில் வருகிற இரு பரிமாண அட்டவணை. ஓர் எண்ணுக்கு ஒரு வரிசை, ஒரு கூட்டுத்தொகைக்கு ஒரு பத்தி. முந்தைய வரிசைகள் எல்லாம் அப்படியே இருப்பதால் குழுக்களை மீட்டெடுப்பது சுலபம். கடைசி வரிசையில் 18-இல் நின்றுகொண்டு மேலே பார்க்க வேண்டும். 5 சேர்வதற்கு முன்பே 18 இருந்ததா? இருந்தது, அப்படியானால் 5 இந்தக் குழுவுக்குத் தேவையில்லை. 6-க்கு முன்பு இருந்ததா? இருந்தது. 7-க்கு முன்பு? இல்லை. ஆகவே 7 இந்தக் குழுவில் இருக்கிறது, மீதி 11. 9-க்கு முன்பே 11 இருந்தது, 11-க்கு முன்பு இல்லை. குழு 11, 7. மற்றது 9, 6, 5.

இதன் குறை இடம். 200 எண்கள், சராசரியாக ஒவ்வொன்றும் 1000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 1,00,000. அட்டவணையில் ஏறக்குறைய 2 கோடி கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 20 எம்பி, அது பரவாயில்லை. ஆனால் பைத்தானில் லிஸ்டுக்குள் லிஸ்டாகப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் 8 பைட் சுட்டி, 160 எம்பி ஆகிவிடும். எண்களோ மதிப்புகளோ பத்து மடங்கானால் கதை முடிந்தது.

இரண்டாவது வழி, ஒரே வரிசையை வைத்துக்கொண்டு அதையே மாற்றிக்கொண்டு போவது. இடம் ஒரு லட்சம் பைட் மட்டும். ஆனால் இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது எல்லோரும் ஒருமுறையாவது விழுவது: உள் லூப் பெரிய கூட்டுத்தொகையிலிருந்து சிறியதை நோக்கி இறங்க வேண்டும். ஏறுமுகமாக ஓட்டினால், இந்தச் சுற்றில் இப்போதுதான் எட்டக்கூடியது என்று மாறிய கட்டத்தையே மறுபடி பயன்படுத்தி அதே எண்ணை இரண்டு தடவை சேர்த்துவிடும். நம் உதாரணத்தில் ஏறுமுகமாக ஓட்டினால் 7 + 6 + 6 = 19 கிடைத்து, வித்தியாசம் 0 என்று வரும். இது பார்க்க நல்ல விடையாகவே தெரியும், அதனால்தான் ஆபத்து. விடை மட்டும் அச்சிட்டால் பிடிபடாது. குழுக்களையும் அச்சிட்டு, கூட்டி, மூல எண்களோடு ஒப்பிட்டால் உடனே தெரியும்.

இரண்டாவது குழி கொஞ்சம் ஆழம். ஒற்றை வரிசையில் பழைய வரிசைகள் அழிந்துவிடுவதால் குழுக்களை எப்படி மீட்பது? ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் அதை எந்த எண் கொண்டுவந்தது என்று பக்கத்தில் குறித்து வைக்கலாம். பின்னோக்கி வரும்போது அந்த எண்ணைக் கழித்து, மீதிக்கு யார் காரணம் என்று பார்த்து, இப்படியே 0 வரை போகலாம். இதை நான் முதலில் எழுதியபோது ஒவ்வொரு தடவையும் குறிப்பை மேலெழுதிக்கொண்டு போனேன். சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. பிறகுதான் ஒரு விடையில் ஒரே எண் இரண்டு முறை இருப்பதைப் பார்த்தேன்.

நம் உதாரணத்திலேயே அது இருக்கிறது. 5-இன் சுற்றில் 16-க்கான குறிப்பு 5 என்று மாறும், ஏனெனில் 11 + 5 = 16. அதே சுற்றில் 11-க்கான குறிப்பும் 5 ஆகும், ஏனெனில் 6 + 5 = 11. இப்போது 16-ஐ மீட்டால் 5, பிறகு 11-இலிருந்து இன்னொரு 5, பிறகு 6. அதாவது 5 + 5 + 6. இல்லாத இரண்டாவது 5. வேடிக்கை என்னவென்றால், நமக்கு வேண்டிய 18-ஐ மீட்டால் 5, 6, 7 என்று சரியாகவே வருகிறது. தவறு மறைந்து கிடக்கிறது, வேறு எண்கள் கொடுத்தால் வெளியே வரும்.

சரி செய்வது எளிது. ஒரு கூட்டுத்தொகை முதன்முதலாக எட்டப்படும்போது மட்டும் குறிக்க வேண்டும், பிறகு தொடவே கூடாது.

```python
can = bytearray(half + 1)
can[0] = 1
first = [-1] * (half + 1)
for i, x in enumerate(nums):
    for s in range(half, x - 1, -1):
        if not can[s] and can[s - x]:
            can[s] = 1
            first[s] = i
```

இது ஏன் தவறாது? s முதலில் i-ஆவது எண்ணால் எட்டப்பட்டது என்றால், அந்த எண் வருவதற்கு முன்பே s - x எட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே s - x-க்கான குறிப்பு i-ஐவிடச் சிறிய இன்டெக்ஸாகத்தான் இருக்கும். பின்னோக்கி வரும்போது இன்டெக்ஸ் குறைந்துகொண்டே போகும், ஒன்று இரண்டு முறை வர வழியே இல்லை. நம் எண்களில் 18-க்கான முதல் குறிப்பு 7, மீதி 11-க்கான குறிப்பு 11. இரு பரிமாண அட்டவணை கொடுத்த அதே குழு.

ஜாவா, சி போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்கு இதுவே என் தேர்வு. இரண்டு அரே, இரண்டு லூப், வேலை முடிந்தது. ஆனால் பைத்தானில் அந்த உள் லூப் 2 கோடி தடவை ஓட வேண்டும், அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

மூன்றாவது வழியில் வரிசை முழுவதையும் ஒரே பெரிய எண்ணாகப் பார்க்கிறோம். s-ஆவது பிட் 1 என்றால் s எட்டக்கூடியது. புதிய எண் x வந்தால், எல்லாக் கூட்டுத்தொகைகளும் x அளவு நகர வேண்டும். அது வெறும் இடப்பக்க நகர்த்தல். அதைப் பழையதோடு பிட் பிட்டாக OR செய்துவிட்டால் அடுத்த வரிசை தயார். உள் லூப்பே இல்லை. நகர்த்தல் முந்தைய வரிசையின் பிரதியில் நடப்பதால் ஒரே எண்ணை இரண்டு தடவை சேர்க்கும் தவறும் இங்கே நுழைய முடியாது.

பைத்தானின் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை என்பதால் இது அங்கே மிக அழகாகப் பொருந்துகிறது. ஒரு லட்சம் பிட் என்பது சுமார் 13 கேபி. அப்படியானால் பழைய வரிசைகளை ஏன் அழிக்க வேண்டும்? 201 வரிசைகளையும் வைத்துக்கொண்டாலும் 3 எம்பிக்குள் அடங்கும். இரு பரிமாண அட்டவணையின் வசதி, அதன் எடை இல்லாமல் கிடைக்கிறது.

```python
def split(nums):
    total = sum(nums)
    half = total // 2
    mask = (1 << (half + 1)) - 1
    rows = [1]
    for x in nums:
        prev = rows[-1]
        rows.append((prev | (prev << x)) & mask)
    s = rows[-1].bit_length() - 1
    diff = total - 2 * s
    a, b = [], []
    for i in range(len(nums) - 1, -1, -1):
        if (rows[i] >> s) & 1:
            b.append(nums[i])
        else:
            a.append(nums[i])
            s -= nums[i]
    return diff, a, b
```

`split([11, 9, 7, 6, 5])` என்று கூப்பிட்டால் `(2, [7, 11], [5, 6, 9])` வரும். `mask` பாதிக்கு மேலான பிட்களை வெட்டிவிடுகிறது. அதை மறந்தால் `bit_length` மொத்தத்தையே பெரிய கூட்டுத்தொகையாகக் காட்டும், வித்தியாசம் -38 என்று வரும். எதிர்மறை வித்தியாசம் கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். சி++ மொழியின் `std::bitset` கொண்டும் இதையே செய்யலாம், ஆனால் அதன் அளவைத் தொகுக்கும் நேரத்திலேயே சொல்லியாக வேண்டும். பாதி எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது அது தொல்லை.

பைத்தான் என்றால் நான் யோசிக்காமல் மூன்றாவதை எடுப்பேன். வித்தியாசம் மட்டும் போதும், குழுக்கள் வேண்டாம் என்றால் `rows` கூட வேண்டாம், ஒரே மாறி போதும். சாதாரண இரு பரிமாண அட்டவணையை, இன்னொருவருக்குப் பலகையில் வரைந்து காட்டத் தவிர இப்போது நான் போடுவதில்லை.

எந்த வழியானாலும் பொருந்துகிற ஒரு சலுகை: பாதிக்கான பிட் 1 ஆன கணமே நிறுத்திவிடலாம், அதைவிட நல்ல விடை கிடையாது. எண்கள் நிறையவும் மதிப்புகள் சிறியவையாகவும் இருக்கும்போது இது பெரும்பாலும் சீக்கிரமே நடந்துவிடும். 200 எண்களைப் பிரிக்க 2-இன் 200-ஆவது அடுக்கு வழிகள் இருக்கின்றன, அத்தனையும் வெறும் இரண்டு லட்சம் கூட்டுத்தொகைகளுக்குள் போய் விழ வேண்டும். பாதி விடுபட்டால்தான் ஆச்சரியம். எல்லா எண்களும் ஒரு பொது எண்ணின் மடங்குகளாக இருந்தால் முதலில் அதனால் வகுத்துவிடுங்கள். எல்லாம் 50-இன் மடங்கு என்றால் அட்டவணை 50-இல் ஒரு பங்காகச் சுருங்கும். தசமப் புள்ளி இருந்தால் நேர்மாறு. இரண்டு தசம இடங்களை முழு எண்ணாக்க 100-ஆல் பெருக்க வேண்டும், அட்டவணையும் 100 மடங்காகும்.

எதிர்மறை எண்கள் வந்தால் பலர் இன்டெக்ஸை நகர்த்திச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். தேவையில்லை. ஒரு குழுவில் -4 இருப்பதும் எதிர்க் குழுவில் 4 இருப்பதும் வித்தியாசத்துக்கு ஒன்றுதான். ஆகவே குறியை நீக்கி அட்டவணையைப் போட்டுவிட்டு, கடைசியில் எதிர்மறை எண்களை மட்டும் மறுபக்கம் மாற்றிப் போட்டால் போதும்.

இரண்டு குழுக்களிலும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தால் இந்த அட்டவணை அப்படியே உதவாது. அதற்கு எண்ணிக்கைக்கு ஒன்றாகத் தனித்தனி பிட் வரிசைகள் வேண்டும்: k எண்கள் எடுத்து எட்டக்கூடியவை ஒரு வரிசை. புதிய எண் வரும்போது k - 1-இன் வரிசையை நகர்த்தி k-இல் சேர்க்க வேண்டும், k இறங்குமுகமாக ஓட வேண்டும். நேரமும் இடமும் எண்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி மடங்கு கூடும். நேரில் கேட்டால் பலர் இந்த நிபந்தனையைச் சொல்ல மறந்துவிடுவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டவணையை முழுவதுமாகக் கைவிட வேண்டிய இடமும் உண்டு. இந்தப் பிரிப்புப் பிரச்சினை கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினப் பிரச்சினைகளின் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் சுலபமாகத் தீர்ப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம், அட்டவணையின் அளவு எண்களின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அவற்றின் மதிப்பையும் பொறுத்து வளர்கிறது என்பதே. மதிப்பில் ஓர் இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்கு. வெறும் 40 எண்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் 100 கோடிக்கு அருகில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 2000 கோடி. பிட் வரிசை ஒன்றே ஒன்றுக்கு 2.5 ஜிபி, 41 வரிசைகளும் வேண்டுமென்றால் 100 ஜிபிக்கு மேல்.

இங்கே ஹாரோவிட்ஸும் சாஹ்னியும் 1974-இல் சொன்ன வழி உதவும். 40 எண்களை 20, 20 ஆக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் வரக்கூடிய எல்லாக் கூட்டுத்தொகைகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் 10,48,576 கூட்டுத்தொகைகள், 8 பைட் வீதம் 8 எம்பி. இரண்டையும் வரிசைப்படுத்தி, ஒன்றில் சிறியதிலிருந்தும் மற்றதில் பெரியதிலிருந்தும் ஆளுக்கொரு சுட்டியை நகர்த்தினால், இரண்டும் சேர்ந்து பாதியைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் வரும் ஜோடி ஒரே நடையில் கிடைத்துவிடும். எந்த எண்கள் சேர்ந்தன என்பதை 20 பிட் முகமூடியாக ஒவ்வொரு கூட்டுத்தொகையோடும் ஒட்டிவைத்தால் குழுக்களும் கையில். இதற்கு மதிப்பு எவ்வளவு பெரியது என்பது பொருட்டே இல்லை, எண்ணிக்கைதான் எதிரி. 40-இலிருந்து 60 ஆனால் ஒவ்வொரு பட்டியலும் 100 கோடியைத் தாண்டும்.

ஆகவே முதலில் இரண்டு எண்களைக் கணக்கிட்டுப் பார்ப்பேன்: பாதி மதிப்பை 8-ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கான பைட், எண்ணிக்கையில் பாதியை 2-இன் அடுக்காக்கினால் பட்டியலின் நீளம். எது கணினியில் அடங்குகிறதோ அது. இரண்டும் அடங்கவில்லை என்றால், துல்லியத்தை விட்டுவிட்டு வித்தியாச முறைக்கே திரும்ப வேண்டியதுதான்.